கூடக் கொடுத்தால் குளிர் குறையும்

சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ‘பெல்டியர்’ என்று கேட்டால் ஒரு வெள்ளைச் சில்லை எடுத்துத் தருவார்கள். நான்கு சென்டிமீட்டர் சதுரம், நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். இரண்டு பக்கமும் பீங்கான், ஓரத்தில் ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர். அவ்வளவுதான் பொருள். 12 வோல்ட் கொடுத்தால் சில நொடிகளில் ஒரு முகம் சில்லிட்டுப்போகும், மறுமுகம் கை வைக்க முடியாமல் சுடும். ஒயர்களை மாற்றி இணைத்தால் குளிர்ந்த முகம் சுடும், சுட்ட முகம் குளிரும். உள்ளே வாயு இல்லை, கம்ப்ரசர் இல்லை, அசையும் பாகம் எதுவுமே இல்லை.

இதைக் கையில் வாங்கிய எல்லோருக்கும் அடுத்துத் தோன்றும் யோசனை ஒன்றுதான்: இதை வைத்து ஏசி செய்யலாமே! இணையத்தில் விற்கும் ‘மினி ஏசி’ சிலவற்றின் வயிற்றிலும் இந்தச் சில்லுதான் இருக்கிறது. அது ஏன் ஏசி ஆகாது, பிறகு எதற்குத்தான் ஆகும் என்பதைப் புரிந்துகொள்ளச் சில்லை உடைத்துப் பார்க்க வேண்டும். நிஜமாகவே உடைத்துப் பார்க்கலாம், விலை சில நூறு ரூபாய்தான்.

பரவலாகக் கிடைக்கும் வகையின் மேல் 12706 என்ற எண் இருக்கும். 127 என்பது உள்ளே இருக்கும் ஜோடிகளின் எண்ணிக்கை, 06 என்பது அது தாங்கும் மின்னோட்டம், ஏறத்தாழ 6 ஆம்பியர். பீங்கான் தகட்டைப் பெயர்த்தால் மிளகைவிடச் சிறிய சாம்பல் நிறக் கட்டைகள் வரிசை வரிசையாக நிற்பது தெரியும். ஜோடிக்கு இரண்டு வீதம் மொத்தம் 254. எல்லாம் பிஸ்மத் டெல்லூரைடு என்ற குறைக்கடத்தி. கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் பாதிக் கட்டைகள் என் வகை, பாதி பி வகை. என் வகையில் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். பி வகையில் எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள், அதாவது துளைகள், அந்த வேலையைச் செய்கின்றன. மேலே ஒரு செம்புப் பட்டை, கீழே ஒரு செம்புப் பட்டை என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்து, 254 கட்டைகளையும் ஒரே சங்கிலியாகக் கோத்திருப்பார்கள்.

என் வகையும் பி வகையும் சேர்ந்தால் டையோடு ஆகிவிடுமே என்று பள்ளிப் பாடம் நினைவிருப்பவர்கள் கேட்கலாம். இங்கே அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் செம்பு இருக்கிறது. அதனால் டையோடுபோல ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடுவது, மறுபக்கம் தடுப்பது என்ற கதை இல்லை. இரண்டு திசையிலும் தாராளமாக ஓடும். உண்மையான வேலை நடக்கும் இடம் செம்பும் குறைக்கடத்தியும் சேரும் சந்தி.

அந்தச் சந்தியில் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து போய்ப் பார்ப்போம். என் வகைக் கட்டையில் எலக்ட்ரான்கள் ஓடும் ஆற்றல் மட்டம், செம்பில் அவை ஓடும் மட்டத்தைவிடச் சற்று உயரம். பி வகையில் அவை ஓடும் மட்டம் செம்பைவிடத் தாழ்வு. குளிர்ந்த முகத்தில் எலக்ட்ரான் பி வகைக் கட்டையிலிருந்து செம்புக்கு ஏறுகிறது, செம்பிலிருந்து என் வகைக்கு இன்னொரு முறை ஏறுகிறது. ஏறுவதற்கு ஆற்றல் வேண்டும். அதை அது சந்தியில் அதிர்ந்துகொண்டிருக்கும் அணுக்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அணுக்களின் அதிர்வுதான் வெப்பம் என்பதால், அதிர்வு குறைந்த இடம் குளிர்கிறது. பிறகு எலக்ட்ரான் என் வகைக் கட்டை வழியாக எதிர் முகத்துக்குப் போய், செம்புக்கு இறங்கி, மறுபடி பி வகைக்கு இறங்கி, எடுத்த ஆற்றலைக் கொட்டிவிடுகிறது. அந்த முகம் சுடுகிறது. குளிர் என்று எதுவும் உற்பத்தியாவதில்லை. ஒரு பக்கத்து வெப்பம் மறுபக்கம் போகிறது, அவ்வளவே.

இரண்டு வகைக் கட்டைகள் எதற்கு, என் வகை மட்டும் போதாதா? போதாது. ஒரு கட்டை வழியாக மேலே போன மின்சாரம் அடுத்த கட்டைக்கு வர வேண்டுமானால் கீழே இறங்கியாக வேண்டும். அதுவும் என் வகையாக இருந்தால் மேலே கொண்டுபோன வெப்பத்தைத் திரும்பக் கீழே கொண்டுவந்து கொட்டும். செம்புக் கம்பியால் இறக்கலாம் என்றால், செம்பு வெப்பத்தை அபாரமாகக் கடத்தும், சூடான முகத்தின் வெப்பமெல்லாம் அதன் வழியே குளிர்ந்த முகத்துக்குப் பாய்ந்துவிடும். பி வகையில் மின்சாரம் எதிர்த்திசையில் போனாலும் வெப்பம் அதே திசையில் போகிறது. 254 கட்டைகளும் மின்சாரத்துக்கு ஒரே வரிசை, வெப்பத்துக்கு 254 இணைப் பாதைகள். இந்தச் சாதனத்தின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பேன்.

இதன் அடிப்படை விளைவு நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1821-இல் பெர்லினில் தாமஸ் சீபெக் இரண்டு வெவ்வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு சந்தியைச் சூடாக்கியபோது, அருகில் இருந்த காந்த ஊசி திரும்பியது. வெப்ப வேறுபாடு நேரடியாகக் காந்தத்தை உண்டாக்குகிறது என்றே அவர் நம்பினார். உண்மையில் வளையத்தில் மின்சாரம் ஓடியது, ஊசியைத் திருப்பியது அந்த மின்சாரம். 1834-இல் கடிகாரத் தொழிலைவிட்டு இயற்பியலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் பெல்டியர் இதன் மறுபாதியைக் கண்டார்: இரு உலோகச் சந்தி வழியே மின்சாரத்தை ஓடவிட்டால் சந்தியின் வெப்பநிலை மாறுகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து லென்ஸ் என்பவர் பிஸ்மத்–ஆன்டிமனி சந்தியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதை உறையவைத்தார். மின்சாரத்தின் திசையை மாற்றியதும் அது உருகியது.

அதற்குப் பின் நூறாண்டுக்கும் மேலாக இதை வைத்துக் குளிர்பெட்டி செய்ய முடியவில்லை. உலோகங்களில் இந்த விளைவு மிகச் சிறியது. தவிர, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும், ஏனென்றால் இரண்டையும் சுமப்பவை அதே எலக்ட்ரான்கள். குறைக்கடத்திகளில் இந்தப் பிணைப்பைக் கொஞ்சம் தளர்த்தலாம். பிஸ்மத் டெல்லூரைடு அறை வெப்பநிலையில் மின்சாரத்தை ஓரளவு நன்றாகவே கடத்தும், வெப்பத்தைச் செம்பு கடத்துவதில் இருநூறில் ஒரு பங்குகூடக் கடத்தாது. 1950-களில் அது வந்த பிறகுதான் இது கடைச் சரக்கானது.

இனி கணக்குக்கு வருவோம். கட்டை ஒன்றுக்கு, இரு முனைகளுக்கிடையே ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 0.0002 வோல்ட் உண்டாகும். 254 கட்டைகளுக்குச் சேர்த்தால் டிகிரிக்கு 0.05 வோல்ட். இந்த 0.05-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீபெக் விளைவின் எண் இது. ஆனால் பெல்டியர் விளைவையும் இதே எண்தான் ஆள்கிறது. மின்னோட்டத்தையும், கெல்வினில் சொன்ன வெப்பநிலையையும் இதோடு பெருக்கினால், சந்தி ஒரு நொடியில் எவ்வளவு வெப்பத்தை எடுக்கிறது என்பது வாட்டில் வந்துவிடும். இரண்டு விளைவுகளும் ஒரே சங்கதியின் இரு முகங்கள் என்பதை 1850-களில் காட்டியவர் கெல்வின்தான்.

வெளியே 30 டிகிரி. சில்லின் குளிர்ந்த முகத்தை 15 டிகிரியில், அதாவது 288 கெல்வினில், வைத்திருக்க விரும்புகிறோம். சூடான முகத்தில் அலுமினியத் துடுப்புகளும் விசிறியும் கொண்ட நல்ல ஹீட் சிங்க் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வாட் வெப்பத்துக்கும் அது 0.35 டிகிரி சூடேறும் என்று கொள்வோம். 3 ஆம்பியர் ஓடவிடுகிறோம். 0.05, 3, 288 மூன்றையும் பெருக்கினால் 43 வாட். எலக்ட்ரான்கள் குளிர்ந்த முகத்திலிருந்து எடுக்கும் வெப்பம் இது. எடுத்ததெல்லாம் போய்ச் சேருவதில்லை, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கும் கதைதான். கட்டைகளுக்கு மின்தடை உண்டு, சில்லுக்கு மொத்தம் 2 ஓம். மின்சாரம் ஓடும்போது அதனால் பிறக்கும் 18 வாட் சூட்டில் பாதி, 9 வாட், குளிர்ந்த முகத்துக்கே வந்துவிடுகிறது. சூடான முகம் 45 டிகிரிக்கு ஏறியிருக்கும். 30 டிகிரி வேறுபாட்டில், டிகிரிக்கு அரை வாட் வீதம், 15 வாட் கட்டைகள் வழியே திரும்பிப் பாய்கிறது. 43-இல் 9-ம் 15-ம் போக மிச்சம் 19 வாட். இதற்கு நாம் கொடுத்த மின்சாரம் 22 வாட் சொச்சம்.

சரி, முழு 6 ஆம்பியரையும் கொடுத்தால் குளிர் இரண்டு மடங்காகுமா? எலக்ட்ரான்கள் எடுப்பது 86 வாட்டாக இரட்டிப்பது உண்மை. ஆனால் மின்தடைச் சூடு மின்னோட்டத்தின் இருமடியில் ஏறும், 9 வாட் இப்போது 36. ஹீட் சிங்க் நூறு வாட்டுக்கு மேல் வெளியேற்ற வேண்டியிருப்பதால் சூடான முகம் 69 டிகிரிக்குப் போய்விடும், திரும்பிப் பாய்வது 27 வாட். மிச்சம் 23. அதாவது 88 வாட் மின்சாரத்தைக் கொட்டி, முன்பைவிட 4 வாட் கூடுதலாகக் குளிர் பெறுகிறோம்.

ஹீட் சிங்க் மட்டமானதாக, வாட்டுக்கு 0.6 டிகிரி ஏறுவதாக இருந்தால் இன்னும் வேடிக்கை. 3 ஆம்பியரில் 15 வாட் குளிர் கிடைக்கும், 6 ஆம்பியரில் 11 வாட்தான். கூடக் கொடுத்தால் குளிர் குறைகிறது. 12 வோல்ட் அடாப்டரை நேராக மாட்டிவிட்டு ‘சில்லு சரியில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். 7 அல்லது 8 வோல்ட்டுக்கு இறக்கினால் பெட்டி இன்னும் குளிரக்கூடும்.

அந்த 19 வாட்டை வைத்து என்ன செய்யலாம்? முப்பது லிட்டர் தெர்மோகோல் பெட்டி ஒன்றை 20 டிகிரியில் வைத்தால், மூன்று சென்டிமீட்டர் சுவர் வழியாக ஆறேழு வாட் உள்ளே கசியும். மிச்சமுள்ள 12 வாட் சொச்சம், இரண்டு லிட்டர் தண்ணீரை 30-இலிருந்து 20 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். காரில் வைக்கும் சிறு குளிர்பெட்டிக்கு இது போதும். கோத்ரெஜ் நிறுவனம் 2010 வாக்கில் கொண்டுவந்த கம்ப்ரசர் இல்லாத ‘சோட்டுகூல்’ பெட்டியும் இந்த வழியில்தான் குளிர்ந்தது. அதன் மூடி மேல்பக்கம் இருக்கும். திறக்கும்போது கனமான குளிர்காற்று கீழே கொட்டிவிடாமல் உள்ளேயே தங்கும். எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய வாட்டுகள் என்பதை உணர்ந்தவர்களின் வடிவமைப்பு அது.

ஏசி கதை வேறு. ஒரு டன் ஏசி 3,500 வாட் அளவில் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, அதற்கு அது எடுக்கும் மின்சாரம் ஆயிரம் வாட் அளவு. இதைச் சில்லுகளால் செய்ய 180 சில்லுகளும் 4,000 வாட் மின்சாரமும் வேண்டும். மேசைமேல் வைக்கும் ‘மினி ஏசி’யோ எடுத்த வெப்பத்தையும் தின்ற மின்சாரத்தையும் சேர்த்து அதே அறையில்தான் விடுகிறது. அதன் முன்னால் முகத்தை வைத்தால் சில்லென்று இருக்கலாம். அறை மொத்தத்தில் சூடாகிக்கொண்டிருக்கும்.

இதை வாங்கிக் கெடுக்கும் வழிகளும் சில உண்டு. ஹீட் சிங்க் இல்லாமல் ஒரு நிமிடம் ‘டெஸ்ட்’ செய்து பார்ப்பது முதல் வழி. பல சில்லுகளில் கட்டைகளைப் பிடித்திருக்கும் பற்றாசு 138 டிகிரியில் உருகும். 254-ம் ஒரே சங்கிலி என்பதால் ஒரு சந்தி விட்டாலும் முழுச் சில்லும் போயிற்று. இரண்டாவது, குளிர்ந்த முகத்தில் வியர்க்கும் நீர் ஓரங்கள் வழியாக உள்ளே இறங்கிச் செம்பை அரிப்பது. ஓரத்தில் சிலிக்கோன் பூசியதாகப் பார்த்து வாங்க வேண்டும். மூன்றாவது, தெர்மோஸ்டாட் வைத்து முழுதாக நிறுத்தி நிறுத்திப் போடுவது. மின்சாரம் நின்ற நொடியில் இந்தச் சில்லு சாதாரணக் கடத்தியாகிவிடும், சூடான ஹீட் சிங்க்கின் வெப்பம் பெட்டிக்குள் திரும்பிவிடும். நிறுத்துவதைவிட மின்னோட்டத்தைக் குறைத்துத் தொடர்ந்து ஓடவிடுவதே நல்லது.

இவ்வளவு குறையுள்ள சாதனத்துக்கு அதன் இடம் எது என்றால், வெப்பநிலையைத் துல்லியமாகவும் வேகமாகவும் இருபுறமும் ஆட்ட வேண்டிய இடம். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போய் ஒரு பெட்டிக்குள் வைக்கப்பட்டதே, அந்த ஆர்டி–பிசிஆர் கருவி மாதிரியை 95 டிகிரிக்கு ஏற்றி, 60 டிகிரி அளவுக்கு இறக்கி, மறுபடி ஏற்றி, இப்படி நாற்பது முறை போலச் செய்கிறது. மாதிரிக் குழாய்கள் அமரும் உலோகக் கட்டையின் அடியில், பெரும்பாலான கருவிகளில், இருப்பது பெல்டியர் சில்லுதான். சூடாக்க ஒரு திசையில் மின்சாரம், ஆற்ற எதிர்த்திசையில். கம்ப்ரசரால் இது ஆகாது. சில மைக்ரோலிட்டர் திரவத்துக்காக நூறு வாட் வீணாவதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதும் இல்லை.

இனி சில்லைத் திருப்பிப் போடுவோம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் சில்லின் மின்தடையை அளந்தால் 2 ஓம் காட்ட வேண்டும். பலருக்கு அது காட்டாது. எண் ஓடிக்கொண்டே இருக்கும், முனைகளை மாற்றினால் வேறு எண் வரும், சில சமயம் கழித்தல் குறியோடு வரும். மீட்டர் பழுதில்லை. சில்லைப் பிடித்திருக்கும் விரலின் சூடு ஒரு முகத்தை இரண்டு டிகிரி ஏற்றினாலே 0.1 வோல்ட் பிறந்துவிடும், அதுதான் மீட்டரைக் குழப்புகிறது. சில்லைத் தொடாமல் மேசைமேல் வெகுநேரம் கிடக்கவிட்டு, இரு திசையிலும் அளந்து சராசரி எடுத்தால் சரியான எண் வரும். மூன்று நான்கு ஓம் காட்டினால் உள்ளே சந்திகள் தளர்ந்துவிட்டன என்று பொருள்.

விரல் சூட்டில் பிறந்த அந்த 0.1 வோல்ட்தான் சீபெக் விளைவு. சூடான முனையில் உள்ள எலக்ட்ரான்கள் கூடுதல் ஆற்றலோடு குளிர்ந்த முனைக்குப் பரவுகின்றன, அங்கே மின்னூட்டம் சேர்ந்து அழுத்தம் உண்டாகிறது. பி வகையில் துளைகள் அதையே செய்வதால் அழுத்தத்தின் குறி எதிராகும், சங்கிலியில் இரண்டும் கூடிக்கொள்ளும்.

1977-இல் கிளம்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களும் இந்த மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. சூரிய ஒளி மிகவும் மங்கிவிடும் தூரத்தில் சூரியத் தகடு பயன்படாது. புளூட்டோனியம்–238 தானாகச் சிதைந்து தரும் சூட்டில், சிலிக்கன்–ஜெர்மானியம் ஜோடிகள் ஒரு முனையில் ஆயிரம் டிகிரியும் மறுமுனையில் முந்நூறு டிகிரியும் தாங்கி நிற்கின்றன. கிளம்பும்போது ஒவ்வொரு கலத்திலும் சுமார் 7,000 வாட் வெப்பம் இருந்தது, கிடைத்த மின்சாரம் ஏறத்தாழ 470 வாட். நூற்றுக்கு ஏழுகூட இல்லை. புளூட்டோனியமும் கரைகிறது, ஜோடிகளும் மூப்படைகின்றன, ஆண்டுக்கு நான்கு வாட் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் எண்ணெய் போட ஆள் போக முடியாத இடத்தில், தேய்வதற்கு ஒரு பாகமும் இல்லாத மின்னாக்கி வேறு எது இருக்கிறது?

நம் 12706 சில்லை விறகடுப்பின் மேல் வைத்து மொபைல் சார்ஜ் செய்யும் யோசனைக்கும் அதே 0.05 கணக்குச் சொல்லும். பற்றாசு உருகாமல் இருக்கச் சூடான முகத்தை 130 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மறுமுகத்தில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து 70 டிகிரியில் நிறுத்தினால் வேறுபாடு 60, அழுத்தம் 3 வோல்ட். உள்தடை 2 ஓம் இருப்பதால் அதிகபட்சம் எடுக்கக்கூடியது ஒரு வாட்டுக்குச் சற்று மேல். அதற்காகச் சில்லின் வழியே தண்ணீருக்குப் போகும் வெப்பம் நாற்பது வாட் சொச்சம். மொபைல் கேட்பது 5 வாட். ஐந்து சில்லுகள், அழுத்தத்தை 5 வோல்ட்டில் நிறுத்த ஒரு சிறு சர்க்யூட், இருநூறு வாட் வெப்பத்தை உள்வாங்கத் தண்ணீர். முதல் சில நிமிடங்கள் நன்றாகவே வேலை செய்யும். தண்ணீர் கொதிநிலையைத் தொட்டதும் வேறுபாடு முப்பது டிகிரியாகச் சுருங்கும், அழுத்தம் பாதியாகும், மின்சாரம் கால்வாசியாகும். பாத்திரத்துத் தண்ணீரை மாற்றினால்தான் மேற்கொண்டு சார்ஜ் ஏறும்.